பைசனில் எழுதிய கணக்கு இலக்கணம்: ஏழு வருடம் பயன்படுத்திய பிறகு

2018-இல் ஒரு சிறிய நிறுவனத்துக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்தேன். அதில் கணக்குப் பிரிவில் இருப்பவர்களே சூத்திரம் எழுதிக்கொள்ளும் வசதி வேண்டும் என்று கேட்டார்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அடைப்புக்குறி, அவ்வளவுதான். சூத்திரத்தைப் படித்துப் பிரிக்கும் பார்சரைக் கையால் எழுதாமல், இலக்கணம் கொடுத்தால் பார்சரை எழுதித் தரும் பைசன் என்ற கருவியிடம் விட்டேன். அந்தச் சூத்திரப் பகுதி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது, இலக்கணம் மட்டும் மூன்று முறை மாறிவிட்டது. ஏன் மாறியது, எந்த வடிவம் நிலைத்தது என்பதை எழுதிவைக்கிறேன், இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும்.

முதலில் எழுதியது இது:

```
expr : expr '+' expr
     | expr '-' expr
     | expr '*' expr
     | expr '/' expr
     | '(' expr ')'
     | NUM
     ;
```

படித்தால் எவ்வளவு இயல்பாக இருக்கிறது பாருங்கள். ஒரு கோவை என்பது இரண்டு கோவைகளுக்கு நடுவே ஒரு குறி, அல்லது வெறும் எண். பள்ளியில் சொல்லிக்கொடுப்பது போலவே இருக்கிறது. `bison calc.y` என்று ஓட்டியதும் இப்படி ஒரு வரி வந்தது:

```
calc.y: warning: 16 shift/reduce conflicts [-Wconflicts-sr]
```

எச்சரிக்கைதானே, பிழை இல்லையே என்று `2 + 3 * 4` கொடுத்துப் பார்த்தேன். 14 வந்தது. சரி, பெருக்கல் முதலில் நடக்கிறது, முன்னுரிமை வேலை செய்கிறது என்று நம்பி அப்படியே கொடுத்துவிட்டேன்.

சில மாதம் கழித்துக் கணக்குப் பிரிவில் இருந்த அக்கா ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, பி.எஃப் மட்டும் பிடிச்சா சரியா வருது, அட்வான்ஸும் சேர்ந்து பிடிச்சா சம்பளம் கூடுதலா போகுது" என்றார். சூத்திரம் `18000 - 1500 - 500`. வர வேண்டியது 16000, வந்தது 17000. கூடுதலாகப் போன பணம் என்பதால் வாங்கியவர்கள் யாரும் கேட்கவில்லை. அவர் கையால் ஒரு வரி கூட்டிப் பார்த்ததால்தான் தெரிந்தது.

கழித்தலில் பிழை இல்லை. என் இலக்கணம் அந்த ஒரே வரிக்கு இரண்டு மரங்களை அனுமதித்தது. முதல் மரம் நாம் எல்லோரும் மனதில் வைத்திருப்பது:

```
           expr
         /  |   \
      expr  '-'  expr
     /  |  \       |
 expr  '-' expr   500
   |        |
 18000    1500
```

இதில் மேலே நிற்பது இரண்டாவது கழித்தல் குறி. இடப்பக்கம் முதலில் 16500 ஆகி, அதிலிருந்து 500 போய் 16000 வருகிறது. இரண்டாவது மரம்:

```
       expr
     /  |   \
 expr  '-'   expr
   |        /  |  \
 18000  expr  '-' expr
          |        |
        1500      500
```

இங்கே முதல் கழித்தல் குறி மேலே போய்விட்டது. 1500-இலிருந்து 500 போனால் 1000, அதை 18000-இலிருந்து கழித்தால் 17000. இரண்டு மரங்களின் இலைகளையும் இடமிருந்து வலமாகப் படித்தால் அதே ஐந்து டோக்கன்கள்தான். என் விதிகளில் எதையும் இரண்டு மரமுமே மீறவில்லை. இதைத்தான் இலக்கண மயக்கம் என்கிறோம். 'பெரிய வீட்டுத் தோட்டம்' என்று சொன்னால் பெரியது வீடா தோட்டமா என்று கேட்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார், பார்சருக்கு அந்த வசதி கிடையாது. குறிகள் கூடக்கூட மரங்களும் வேகமாகப் பெருகும்: மூன்று குறி இருந்தால் 5 மரம், நான்கு இருந்தால் 14.

பைசன் ஏன் இரண்டாவது மரத்தை எடுத்தது? `18000 - 1500` வரை படித்து, அடுத்து `-` வருவதைப் பார்க்கும் இடத்தில் அதற்கு இரண்டு வழி இருக்கிறது. இதுவரை படித்ததை ஒரு `expr` ஆக மடித்துவிடலாம், அது ரெட்யூஸ். அல்லது மடிக்காமல் அடுத்த குறியை உள்ளே எடுத்துக்கொள்ளலாம், அது ஷிஃப்ட். நாம் எதுவும் சொல்லாவிட்டால் பைசன் ஷிஃப்டையே தேர்ந்தெடுக்கும். அதனால் எல்லாமே வலப்பக்கமாகக் குவிகிறது. நான்கு குறியில் எதை முடித்த நிலையிலும் அடுத்து நான்கில் எது வந்தாலும் இந்தக் குழப்பம், அதாவது முரண், உண்டு, அந்த 16 என்ற எண்ணிக்கை அங்கிருந்து வந்ததுதான்.

என் சோதனை ஏன் தேறியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. `2 + 3 * 4`-இல் வலப்பக்கம் குவிவதும் சரியான முன்னுரிமையும் தற்செயலாக ஒன்றே. `2 * 3 + 4` என்று திருப்பிப் போட்டிருந்தால் 10-க்குப் பதில் 14 வந்து அன்றே மாட்டியிருக்கும். கணக்குப் பிரிவினர் பெருக்கலைச் சுற்றி எப்போதும் அடைப்புக்குறி போடும் பழக்கம் உள்ளவர்கள், அதனால் அந்த வகைத் தவறும் வெளியே வரவில்லை.

அன்று மாற்றி எழுதிய வடிவம்:

```
expr   : expr '+' term
       | expr '-' term
       | term
       ;
term   : term '*' factor
       | term '/' factor
       | factor
       ;
factor : NUM
       | '(' expr ')'
       ;
```

மூன்று அடுக்கு. ஏற்கும் வரிகள் பழைய இலக்கணம் ஏற்ற அதே வரிகள், ஒன்று கூடவுமில்லை குறையவுமில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே மரம்தான். மேலே உள்ள சூத்திரத்தையே வைத்துப் பார்ப்போம். மேல்மட்டத்தில் `expr '-' term` பொருந்த வேண்டும். முதல் கழித்தல் குறியை மேலே வைத்தால் வலப்பக்கம் `1500 - 500` முழுவதும் ஒரு `term` ஆக வேண்டும். `term`-க்குள் அடைப்புக்குறி இல்லாமல் கழித்தல் குறி வர வழியே இல்லை, ஆக அந்த மரத்தைக் கட்ட முடியாது. மிச்சம் இருப்பது இரண்டாவது குறி மேலே நிற்கும் மரம் மட்டும். பெருக்கலுக்கும் இதே காரணம்தான்: `*`-இன் வலப்பக்கம் `factor` மட்டுமே என்பதால் `2 * 3 + 4`-இல் கூட்டலை அது தனக்குள் இழுத்துக்கொள்ள முடியாது.

ஓட்டினால் எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. பைசன் முன்னுரிமை அறிவிப்பு எதுவும் இல்லாமலே முரண் பூஜ்யம் என்று சொன்னால் அந்த இலக்கணத்தில் மயக்கம் இல்லை என்று உறுதியாக நம்பலாம். இதைத் திருப்பிச் சொல்ல முடியாது, முரண் காட்டினாலும் இலக்கணம் மயக்கமில்லாததாக இருக்கலாம். எந்த இலக்கணத்தைக் கொடுத்தாலும் மயக்கம் உண்டா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுவான வழிமுறை இருக்கவே முடியாது என்பது 1960-களின் தொடக்கத்திலேயே நிறுவப்பட்ட விஷயம்.

ஆனால் மயக்கம் போனால் விடை சரி என்று ஆகிவிடாது, இதை நான் மெதுவாகத்தான் கற்றேன். பிறகு ஒரு கட்டத்தில் பைசனை விட்டு அதே பார்சரைக் கையால் எழுத நினைத்தோம். `expr` விதி `expr`-இலேயே தொடங்குவதால் அப்படியே ஃபங்ஷனாக எழுதினால் அது எதையும் படிக்காமல் தன்னையே கூப்பிட்டுக்கொண்டு ஸ்டாக் நிரம்பிச் செத்துவிடும். கூட வேலை செய்தவர் விதியை `term '-' expr` என்று திருப்பிப் போட்டார். நின்றுவிடாமல் ஓடியது, மயக்கமும் இல்லை, ஒவ்வொரு வரிக்கும் ஒரே மரம். ஆனால் அந்த ஒரே மரம் மறுபடியும் 17000 தருகிற மரம்! சரியான வழி லூப்:

```
v = term();
while (tok == '-') {
    next();
    v = v - term();
}
```

இதுவரை சேர்ந்த மதிப்பு இடப்பக்கமாகவே நிற்கிறது, அதனால் குவிவதும் இடப்பக்கமாகவே. அடுக்கு எழுத்தை விரும்பாதவர்களுக்குப் பைசனே வேறு வழி தருகிறது. முதல் இலக்கணத்தை அப்படியே வைத்து, மேலே இதைச் சேர்த்தால் போதும், கீழ் வரியில் இருப்பது இறுக்கமாகப் பிடிக்கும்:

```
%left '+' '-'
%left '*' '/'
```

இரண்டாவது மாற்றத்தில் ஒன்றரை வருடம் இப்படித்தான் வைத்திருந்தேன். படிக்கச் சுருக்கமாக இருந்தது. என் குறை என்னவென்றால், அந்தக் குறிகளைப் பயன்படுத்தும் எந்தப் புது விதி வந்தாலும் அதன் முரணையும் இது சத்தமில்லாமல் தீர்த்துவிடும். எதிர்மறை எண்ணுக்காக `'-' expr` சேர்த்தபோது ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. ஒருநாள் மரத்தை அச்சிட்டுப் பார்த்தால் `-2 * 3` என்பது -(2 * 3) ஆக நின்றது. விடை அதேதான் என்பதால் நஷ்டமில்லை, ஆனால் அதை முடிவு செய்தது நானல்ல என்பது எனக்கு ஒப்பவில்லை. பதினைந்து, இருபது குறி உள்ள மொழி என்றால் இந்த அறிவிப்பு வழியே எடுப்பேன். ஐந்தாறு குறிக்கு அடுக்குதான் என் தேர்வு, மூன்றாவது மாற்றத்தில் அதற்கே திரும்பினேன்.

2020-இல் வந்த பைசன் 3.7 இந்த வேலையை நிறையவே எளிதாக்கியது. `-Wcounterexamples` என்று கொடுத்தால் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் `expr '-' expr • '-' expr` என்று குழப்பம் வரும் இடத்தில் புள்ளி வைத்து, இரண்டு வழியில் படிப்பதையும் வரைந்து காட்டும். 2018-இல் இது இருந்திருந்தால் அந்த 16-ஐத் தாண்டிப் போயிருக்க மாட்டேன். மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க, அதோடு வரும் பைசன் 2.3, அதில் இது கிடையாது, தனியாக நிறுவ வேண்டும்.

அப்புறம் சோதனைகள். குவியும் பக்கம் மாறினால் விடையும் மாறுகிற வரிகளை மட்டுமே இப்போது வைத்திருக்கிறேன். `10 - 4 - 3` என்றால் 3, தவறினால் 9. `24 / 4 / 2` என்றால் 3, தவறினால் 12. `^` சேர்த்தபோது அது மட்டும் வலப்பக்கம் குவிய வேண்டும் என்பதால் `2 ^ 3 ^ 2` போட்டேன், 512 வர வேண்டும், 64 வந்தால் இடப்பக்கம் குவிந்துவிட்டது என்று பொருள். போன மாதம் மீதி காணும் `%` சேர்த்தோம். புதிதாகச் சேர்ந்த தம்பி `17 % 5 % 2` என்று சோதனை எழுதி, 0 வருகிறது, சரி என்றார். எந்தப் பக்கம் குவித்தாலும் அது 0 தான். `14 % 5 % 3` என்று மாற்றச் சொன்னேன், இடப்பக்கம் குவிந்தால் 1, வலப்பக்கம் குவிந்தால் 0.