முட்டையை எண்ணி வாங்குவதா, எடை பார்த்து வாங்குவதா? சில ஆண்டுகளின் வீட்டு அனுபவம்

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் உட்பட நால்வர். வாரத்திற்கு ஏறக்குறைய ஓர் அட்டை, அதாவது 30 முட்டைகள் செலவாகும். மளிகைக்கடையின் வெள்ளை முட்டை, சூப்பர் மார்க்கெட்டில் ஆறு ஆறாகப் பெட்டியில் வரும் பழுப்பு முட்டை, சந்தையில் கிடைக்கும் நாட்டுக்கோழி முட்டை ஆகிய மூன்றையும் சில ஆண்டுகளாக மாற்றி மாற்றி வாங்கிப் பயன்படுத்தி வருகிறோம். விலையில் இருமடங்கு, மும்மடங்கு வேறுபாடு உள்ள இந்த மூன்றில் நாம் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறிய எனக்கு அதிகம் உதவியது சமையலறைத் தராசுதான்.

நாமக்கல்லில் நாள்தோறும் அறிவிக்கப்படும் விலை ஒரு முட்டைக்கான விலையே தவிர, கிலோவுக்கான விலை அன்று. கடைக்காரரும் எண்ணித்தான் தருகிறார். அக்மார்க் தர வரையறையில் 60 கிராமும் அதற்கு மேலும் மிகப் பெரியது, 53 முதல் 59 வரை பெரியது, 45 முதல் 52 வரை நடுத்தரம், 38 முதல் 44 வரை சிறியது என்ற பிரிவுகள் இருந்தாலும், சில்லறைக் கடையில் திறந்த அட்டையில் வைத்து விற்கும் முட்டைக்கு அவற்றை யாரும் சொல்வதில்லை.

ஒரே வாரத்தில் இரண்டு கடைகளில் வாங்கிய அட்டைகளை எடுத்துக்கொள்வோம். முதல் கடையில் அட்டை 195 ரூபாய். காகித அட்டையின் எடையான 70 கிராமைக் கழித்தால் முட்டைகள் மட்டும் 1.59 கிலோ, அதாவது ஒரு முட்டை சராசரியாக 53 கிராம். இரண்டாவது கடையில் 180 ரூபாய்தான், ஆனால் நிகர எடை 1.33 கிலோ, ஒரு முட்டை 44 கிராமைச் சற்றே தாண்டியது. கிலோவுக்குக் கணக்கிட்டால் முதல் அட்டை ஏறத்தாழ 123 ரூபாய், இரண்டாவது 135 ரூபாய். முட்டைக்கு ஐம்பது காசு மிச்சம் என்று தோன்றியது உண்மையில் விலை கூடுதலான சரக்கு. இதே முறையில் பார்த்தபோது, 78 ரூபாய்க்கு ஆறு என்று வந்த பழுப்பு முட்டைப் பெட்டி 330 கிராம் இருந்தது; கிலோவுக்கு 236 ரூபாய் ஆகிறது. பத்து 150 ரூபாய் என்று வாங்கிய நாட்டு முட்டை சரியாக 400 கிராம். கிலோவுக்கு 375 ரூபாய். எந்த முட்டையானாலும் உண்ணும் பகுதியில் நூறு கிராமுக்குச் சுமார் 13 கிராம் புரதம் என்பதில் பெரிய மாற்றம் இல்லை. ஆகவே பிள்ளைகளுக்குப் புரதம் சேர வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால், கிலோ விலைதான் பேச வேண்டிய விலை.

சிறிய முட்டை மட்டமான முட்டை என்று பொருளல்ல. முட்டையிடத் தொடங்கிய இளங்கோழியின் முட்டை சிறியதாகவே இருக்கும். அதன் ஓடு தடித்து, உடையாமல் வந்து சேரும். கோழிக்கு வயது ஏற ஏற முட்டை பெரிதாகும். ஆனால் ஓட்டுக்குக் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து அதே அளவில் பெருகுவதில்லை என்பதால் ஓடு மெலிந்துவிடும். மிகப் பெரிய முட்டைகள் உள்ள அட்டையில் கீறல் விட்டவை கூடுதலாக இருப்பதை நீங்களும் கவனித்திருக்கலாம். கோடையில் கோழி தீவனம் குறைவாக எடுப்பதால் முட்டை சிறுக்கிறது. வெயிலில் மூச்சிரைப்பதால் ஓடும் மெலிகிறது. எனவே ஏப்ரல், மே மாதங்களில் அதே கடையில் அதே விலைக்கு எடை குறைவான அட்டை வந்தால் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

இனி நிறம். ஓட்டின் நிறத்தைத் தீர்மானிப்பது கோழியின் இனம். தீவனமோ, சத்தோ அன்று. பழுப்பு நிறமி ஓடு உருவாகும் கடைசிச் சில மணி நேரத்தில்தான் மேற்புறத்தில் படிகிறது. பழுப்பு முட்டையை உடைத்து ஓட்டின் உட்புறச் சவ்வை உரித்துப் பாருங்கள், உள்ளே வெளுத்தே இருக்கும். பெட்டியில் வரும் பழுப்பு முட்டைகளில் பெரும்பாலானவை, பழுப்பு முட்டையிடும் வணிக இனக் கோழிகள் பண்ணையில் இட்டவையே. கருங்கோழி எனப்படும் கடக்நாத்தின் முட்டைகூடக் கறுப்பன்று. வெளிர் பழுப்பு அல்லது பாலேட்டு நிறம்தான்.

வெள்ளை முட்டைக்குத் தேயிலைச் சாயம் ஏற்றி நாட்டு முட்டை என்று விற்கும் மோசடி உண்டு. அதைக் கண்டுபிடிக்க வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ துடைத்துப் பாருங்கள் என்று வாட்சப்பில் வரும் அறிவுரையை நம்ப வேண்டாம். அமிலம் ஓட்டின் மேற்பரப்பையே கரைப்பதால், கலப்படமற்ற பழுப்பு முட்டையிலும் நிறம் துணியில் ஒட்டும். வெறும் ஈரத்துணியால் அழுத்தித் துடைக்கும்போது நிறம் இறங்கினால் ஐயப்படலாம்; இறங்காவிட்டால் அது நாட்டு முட்டை என்பதற்கு அதுவும் சான்றாகாது.

எனக்கு நம்பகமாகத் தோன்றுவது வேறோர் அடையாளம். வணிக வெள்ளைக் கோழி ஆண்டுக்கு முந்நூறுக்கு மேல் முட்டையிடும். புழக்கடையில் மேயும் நாட்டுக்கோழி நூறைத் தொடுவதே அரிது, அடைகாக்கத் தொடங்கினால் முட்டையிடுவதையும் நிறுத்திவிடும். அப்படிப் பல வீடுகளில் சேர்த்த முட்டைகளில் ஒன்று 35 கிராம், இன்னொன்று 45 கிராம், ஒன்று பாலேட்டு நிறம், ஒன்று இளம்பழுப்பு என்று கலவையாகத்தான் இருக்கும். ஆண்டு முழுவதும் நூற்றுக்கணக்கில், ஒரே அளவிலும் ஒரே நிறத்திலும் கிடைத்தால் அவை பண்ணையிலிருந்து வருகின்றன என்றே கொள்ளலாம். கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட இனத்தின் முட்டையாகவும் இருக்கலாம். அது நல்ல முட்டைதான், நாட்டு முட்டையின் விலைக்குத்தான் நியாயமில்லை.

பெட்டியின் மேல் அச்சிடும் வாசகங்களில் ‘பண்ணைப் புதிது’ என்பதை நான் படிப்பதே இல்லை; முட்டை வேறெங்கிருந்து வரும்? ஹார்மோன் இல்லை என்பதும் அவ்வாறே, முட்டைக்கோழிக்கு யாரும் ஹார்மோன் கொடுப்பதில்லை. மஞ்சள்கரு ஆரஞ்சு நிறமாக இருப்பதும் சத்தின் அடையாளமன்று. தீவனத்தில் மக்காச்சோளத்தையோ சாமந்திப்பூச் சாற்றையோ கூட்டினால் நிறம் ஏறும். ஒமேகா 3 அப்படியன்று, தீவனத்தின் மூலம் உண்மையாகவே கூடக்கூடியது. ஆளி விதை கலந்து கொடுத்தால் அது மஞ்சள்கருவில் சேர்கிறது. ஆனால் முட்டைக்கு எத்தனை மில்லிகிராம் என்று பெட்டியில் அச்சிடாதவரை அதற்காகக் கூடுதல் விலை தருவதில்லை. கூண்டில்லா வளர்ப்பு என்பது கோழியின் வாழ்க்கையைப் பற்றிய செய்தி. அதற்காக விருப்பத்துடன் கூடுதலாகத் தரலாம், சத்துக் கூடும் என்று கருதித் தர வேண்டியதில்லை. அப்பெட்டிக் கோழிகளும் பெரும்பாலும் கொட்டகைக்குள் தரையில் வளர்பவையே, வயலில் மேய்பவை அல்ல.

மெய்யான நாட்டு முட்டை வாங்குவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சேவலோடு திரியும் கோழியின் முட்டை கருக்கூடியதாக இருக்க வாய்ப்பு மிகுதி. சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் கரு வளரத் தொடங்கி, உடைக்கும்போது மஞ்சள்கருவின் மேல் மெல்லிய இரத்த நாளங்கள் வலைபோல் தெரியும். கூண்டுக்கோழியின் கருக்கூடாத முட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. நாட்டு முட்டையைக் கோடையில் வாங்கினால் காலையிலேயே வாங்கி, கழுவாமல், வீடு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விடுகிறோம். மே மாதத்தில் பெரும்பாலும் வாங்குவதே இல்லை.