வீட்டுக்கடனை அடைத்த பிறகும் பத்திரம் கைக்கு வராமல் எங்கள் விற்பனை முறிந்த கதை: கடன் உள்ள வீட்டை விற்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

திருச்சியில் உள்ள எங்கள் வீட்டை விற்க 2024 மே 15 அன்று ஒப்பந்தம் போட்டோம். வாங்குபவர் 5 லட்சம் முன்பணம் தந்தார். ஆடி பிறந்துவிட்டால் பத்திரம் பதியமாட்டேன், ஆனி முடிவதற்குள் கிரையத்தை முடித்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. முன்பணத்தோடு எங்கள் சேமிப்பையும் சேர்த்து ஜூன் 10 அன்று வீட்டுக்கடன் பாக்கி முழுவதையும் அடைத்தோம். ஆடி பிறக்க ஐந்து வாரம் இருந்ததால் தாராளமாகப் போதும் என்று நினைத்தோம். ஆகஸ்ட் 14 அன்று அவர் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு வீடு பார்க்கப் போய்விட்டார். அக்டோபரில் அதே வீட்டை ஒன்றரை லட்சம் குறைத்து விற்றோம். இடையில் நடந்ததை எழுதுகிறேன். எங்கள் தரப்பில் எங்கெங்கே ஓட்டை விட்டோம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில், பலருக்குத் தெரியாத ஒரு விதி. 2023 செப்டம்பர் 13 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தனிநபர் கடனை முழுவதும் அடைத்த 30 நாளுக்குள் வங்கி எல்லா மூல ஆவணங்களையும் திருப்பித் தர வேண்டும், பதிவேடுகளில் உள்ள அடமானக் குறிப்பையும் நீக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தாமதம் வங்கியின் பக்கம் என்றால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் ஆவணம் திருப்பித் தர வேண்டிய எல்லாக் கடன்களுக்கும் இது பொருந்தும். வீட்டுக்கடன் இதற்குள் வருகிறது. நிறுவனத்தின் பெயரில் வாங்கிய தொழில் கடனுக்கு இதை நம்பி உட்கார வேண்டாம்.

விதி இருந்தும் நாங்கள் ஏன் மாட்டிக்கொண்டோம்? அந்த 30 நாள் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதற்கு எங்களிடம் தாள் இல்லை.

பணம் கட்டும் முன் கிளையில் கடன் முடிப்புத் தொகைக்கான கணக்குத்தாள் கேட்டோம். கையால் ஒரு தொகையை எழுதித் தந்தார்கள். அதைக் கட்டினோம். “கணக்கு முடிந்துவிட்டது அம்மா, பத்திரம் வந்ததும் கூப்பிடுகிறோம்” என்றார் அதிகாரி. ஜூன் 21 அன்று தொலைபேசி வந்தது. ஆவணப் பராமரிப்புக் கட்டணம் 1,180 ரூபாய் பாக்கி, அதைக் கட்டினால்தான் கணக்கு முடியும் என்றார்கள். அவசரத்தில் மறுபேச்சு இல்லாமல் கட்டினோம். கடன் முடிந்த தேதி ஜூன் 21 என்று கணினியில் ஏறிவிட்டது. எங்கள் பதினோரு நாளை அந்த 1,180 ரூபாய் விழுங்கிவிட்டது.

எனவே பணம் கட்டுவதற்கு முன்பே, முடிப்புத் தொகையின் கணக்குத்தாளை அச்சில், கிளை முத்திரையோடு வாங்குங்கள். அசல் பாக்கி, எந்தத் தேதிவரை வட்டி, அதற்குப் பின் நாள் ஒன்றுக்கு எவ்வளவு வட்டி, கட்டணங்கள் எவை என்று தனித்தனியாக அதில் இருக்க வேண்டும். “இவை தவிர வேறு பாக்கி இல்லை” என்ற வரியும் இருக்க வேண்டும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்குத் தண்டக் கட்டணம் கிடையாது; அப்படி ஏதாவது போட்டிருந்தால் அங்கேயே கேளுங்கள். பணம் கட்டிய அன்றே பாக்கி பூஜ்யம் என்று காட்டும் கணக்கு அறிக்கையும், முடிந்த தேதி குறிப்பிட்ட கடன் முடிப்புக் கடிதமும் கேளுங்கள். கடிதம் நாலு நாள் கழித்து வந்தாலும் பரவாயில்லை, அதில் உள்ள தேதி நீங்கள் பணம் கட்டிய தேதியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ஆவணப் பட்டியல். கடன் வாங்கும்போது நாம் ஒப்படைத்த ஒவ்வொரு தாளையும் குறித்து வங்கி ஒரு பட்டியல் தரும். எங்கள் பட்டியல் பரணில் ஒரு பழைய கோப்பில் கிடந்தது. கிரையப் பத்திரம், 1987-ஆம் வருடத்துத் தாய்ப்பத்திரம், பட்டா, வரைபட அனுமதி, வில்லங்கச் சான்று, கையெழுத்திட்ட மூன்று வெற்றுக் காசோலைகள். உங்களுடையது தொலைந்திருந்தால், கடனை அடைக்கும் முன்பே வங்கியிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். அடைத்த பிறகு கேட்டால் உறைக்குள் இருப்பதுதான் பட்டியல் என்று ஆகிவிடும்.

ஜூலை 18 அன்று, ஆடி இரண்டாம் நாள், பத்திரம் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். கடன் இருவர் பெயரில் இருந்ததால் நானும் கணவரும் போனோம். மேசையில் அரக்கு முத்திரை வைத்த பழுப்பு உறை. அதன் மேல் ஒரு படிவம்: “எல்லா மூல ஆவணங்களையும் குறையின்றிப் பெற்றுக்கொண்டேன்.” கையெழுத்துப் போட்டால்தான் உறையைத் தருவோம் என்றார்கள். கணவர் பேனாவை எடுத்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பிரித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறோம் என்றேன். “எல்லோரும் போட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள்” என்று அதிகாரி முகம் சுளித்தார். அரை மணி நேரம் நின்ற பிறகு பிரிக்க விட்டார்கள். பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தோம். தாய்ப்பத்திரம் இல்லை. வெளியூரில் உள்ள ஆவணக் கிடங்கில் வேறு கோப்போடு கலந்திருக்கலாம் என்றார்கள்.

அன்று கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். தாய்ப்பத்திரத்தை நாங்களே தொலைத்துவிட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு அந்த ஒரு படிவம் போதும். அதே படிவத்தில் “1987-ஆம் ஆண்டுத் தாய்ப்பத்திரம் தவிர மற்றவை பெறப்பட்டன” என்று எழுதி, இருவரும் தேதியோடு கையெழுத்திட்டு, படம் பிடித்துக்கொண்டோம். வெற்றுக் காசோலைகளையும் எண்ணி வாங்கிக் கிழித்தோம்.

வாங்குபவர் நல்லவர். ஆடி நிபந்தனையைத் தளர்த்தி ஒப்பந்தத்தை ஆகஸ்ட் 14 வரை நீட்டித்தார். அவருக்குக் கடன் தரும் வங்கியோ, தாய்ப்பத்திரத்தின் மூலம் இல்லாமல் நகரமாட்டோம் என்றது. வில்லங்கச் சான்றைப் பார்த்துவிட்டு இன்னொரு குறையையும் சொன்னது. எங்கள் அடமானம் அதில் இன்னும் உயிரோடு இருந்தது.

நான் அதிகம் பயப்படச் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டில் வீட்டுக்கடன் தரும்போது, பத்திரத்தை ஒப்படைத்ததற்கான ஆவணத்தை, எல்லோரும் எம்.ஓ.டி. என்று சொல்வதை, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவார்கள். கடனை அடைத்தால் அது தானாக அழியாது. வங்கியின் அதிகாரம் பெற்ற அதிகாரி வந்து ரசீது ஆவணம் என்ற ஒன்றைப் பதிய வேண்டும். அதன் பிறகுதான் வில்லங்கச் சான்றில் கடன் தீர்ந்த குறிப்பு ஏறும். கடன் முடிப்புக் கடிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். வில்லங்கச் சான்றை tnreginet.gov.in தளத்தில் நீங்களே பார்க்கலாம். இதைத் தவிர செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டிலும் வங்கி உங்கள் வீட்டின் மேல் உரிமையைப் பதிந்திருக்கும். அதையும் வங்கிதான் நீக்க வேண்டும். நீக்கியதற்கு அத்தாட்சித் தாள் கேளுங்கள்.

ஜூலை 19 அன்று நாங்கள் கொடுத்த கடிதம் இது. பணம் கட்டிய மறுநாளே கொடுத்திருக்க வேண்டியது. உங்கள் விவரங்களை நிரப்பி, வரவில்லை என்று சொல்லும் பத்தியை மட்டும் உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பெறுநர்: கிளை மேலாளர், (வங்கி, கிளை)
பொருள்: வீட்டுக்கடன் கணக்கு எண் ______ முழுவதும் அடைக்கப்பட்டது, மூல ஆவணங்களைத் திருப்பித் தருதல், அடமானப் பதிவை நீக்குதல்.

ஐயா / அம்மையீர்,

மேற்கண்ட கடனின் பாக்கி முழுவதையும், தங்கள் கிளை தந்த கணக்கின்படி, ______ தேதியில் ______ ரூபாய் செலுத்தி அடைத்துவிட்டோம். செலுத்திய ரசீதின் நகல் இணைத்துள்ளோம். அந்தக் கணக்கில் குறிப்பிடாத எந்தக் கட்டணமும் கடன் முடிந்த தேதியை மாற்றாது என்பதைப் பதிவு செய்கிறோம்.

இணைத்துள்ள ஆவணப் பட்டியலில் வரிசை எண் ______ இல் உள்ள ஆவணம் இதுவரை எங்களுக்கு வரவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணமும் பதியப்படவில்லை.

ரிசர்வ் வங்கியின் 13.09.2023 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி, கடன் அடைத்த 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் தந்து அடமானப் பதிவுகளை நீக்க வேண்டும். அந்தக் கெடு ______ அன்று முடிந்தது / முடிகிறது. தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு கோருகிறோம். தாமதத்தின் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும். ஆவணம் தொலைந்திருந்தால் அதையும் எழுத்தில் தெரிவித்து, சான்றிட்ட நகல் பெற்றுத் தந்து அதன் செலவை ஏற்கவும்.

இந்த வீட்டின் விற்பனை ஒப்பந்தம் ______ தேதியில் முடிகிறது. தாமதத்தால் ஏற்படும் இழப்பை வங்கியிடம் கோரும் உரிமையை வைத்துக்கொள்கிறோம்.

(கடன்தாரர், இணைக் கடன்தாரர் கையெழுத்து, தேதி)

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளை முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதே நாளில் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலும் அனுப்புங்கள். ஆவணம் தொலைந்துவிட்டது என்று வங்கி சொன்னால் நகல் எடுக்க அதற்கு மேலும் 30 நாள் உண்டு, இழப்பீடு 60 நாளுக்குப் பிறகே எண்ணப்படும். அதனால்தான் தேடுகிறார்களா, தொலைந்ததா என்பதை எழுத்தில் கேட்கச் சொல்கிறேன்.

கடிதம் போன பிறகுதான் தேடினார்கள். ஆகஸ்ட் 6 அன்று தாய்ப்பத்திரம் வந்தது. ரசீது ஆவணம் பதிய அதிகாரி வந்தது ஆகஸ்ட் 21. அதற்குள் வாங்குபவர் போய்விட்டார், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஜூன் 10-இல் இருந்து 30 நாள் என்றால் கெடு ஜூலை 10. ஜூலை 11 முதல் ஆகஸ்ட் 6 வரை 27 நாள், 1,35,000 ரூபாய் கேட்டோம். வங்கி ஜூன் 21-ஐத் தொடக்கமாக வைத்து 16 நாளுக்கு 80,000 மட்டும் தந்தது. மீதி 55,000-க்கு வங்கியிடம் எழுதி 30 நாள் காத்திருந்து, பதில் சரியில்லாததால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்தோம். முத்திரை வைத்த கடிதப் பிரதி, கையால் எழுதிய அந்த முடிப்புத் தொகைச் சீட்டு, ஜூன் 10 பண ரசீது, தாய்ப்பத்திரம் இல்லை என்று எழுதிய படிவத்தின் படம் நான்கையும் இணைத்தோம். அந்தச் சீட்டில் 1,180 ரூபாய்க்கான வரி இல்லை என்பதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. மீதித் தொகையும் கணக்கில் வரவாயிற்று. ரசீது ஆவணம் தாமதமான நாட்களுக்கும் கேட்டோம், அதை ஏற்கவில்லை. விற்பனையில் குறைந்த ஒன்றரை லட்சத்தையும் யாரும் தரவில்லை.

அக்டோபரில் புதிய ஒப்பந்தம் எழுதும் முன், ரசீது ஆவணம் ஏறிய வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் வாங்குபவர் முன்னால் மேசையில் வைத்த பிறகுதான் முன்பணத்தைத் தொட்டோம்.