கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சு என்று 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு வரி டைப் அடித்துக் கொடுத்த கடை

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பெயர் போடவில்லை. 4,800 ரூபாய் போனது மட்டும் நிஜம்.

நான் மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஐஸுக்கு வேலை இல்லை, பாதிச் சம்பளம்தான். அந்த நேரத்தில் 4,800 என்பது என்ன என்று இந்தக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் சும்மா இருக்கிறோமே என்று பசங்களோடு சேர்ந்து லெஃப்ட் 4 டெட் 2 ஆடுவது வழக்கம். 2009ல் வந்த பழைய விளையாட்டு, சாதாரண சிஸ்டத்திலேயே ஓடும். கரண்ட் ஏறி இறங்கியதில் என் மானிட்டர் செத்துப்போனது. ஆபீஸில் ஓரமாகக் கிடந்த பழைய சதுர மானிட்டரைக் கேட்டு வாங்கி, ஒரு மலிவு எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வெர்ட்டர் போட்டு மாட்டினேன். விண்டோஸ் நன்றாகத் தெரிந்தது. விளையாட்டைத் திறந்தால் மட்டும் திரை கறுத்து, நடுவில் `Input Not Supported` என்று ஒரு சின்னப் பெட்டி. ஆனால் பின்னால் விளையாட்டின் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தப் பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது.

கடைக்குப் போன் போட்டேன். "மானிட்டரையும் சேர்த்துக் கொண்டு வாங்க தம்பி" என்றார்கள். இரண்டையும் கட்டித் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் கேபினட் மூடியைத் திறந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "மண்டபமா? அதான். உப்புக்காத்து கார்டைத் தின்னுடுச்சு" என்றார். நான் யோசித்தேன், உப்பு அரித்திருந்தால் செப்பில் பச்சை பூத்திருக்குமே, ஒன்றையும் காணோமே என்று. அதைக் கேட்டும் விட்டேன். அப்போதுதான் அவர் அந்த வேலையைக் காட்டினார்.

"நம்ப மாட்டீங்கள்ல? சேஃப் மோடுல போட்டுக் காட்டுறேன் பாருங்க. சேஃப் மோடுலயே ஓடலைன்னா கார்டு காலி." விண்டோஸை சேஃப் மோடில் எழுப்பினார். பெரிய பெரிய ஐகான்கள், நான்கு மூலையிலும் `Safe Mode` என்ற எழுத்து. விளையாட்டை அழுத்தினார். பிழைச் செய்தி வந்தது, மூடிக்கொண்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணெதிரே நடந்ததை எப்படி மறுப்பது? சரிண்ணே, செய்யுங்க என்றேன்.

அந்தச் சோதனைதான் மோசடி. விண்டோஸ் சேஃப் மோடில் கிராபிக்ஸ் கார்டை இயக்குகிற மென்பொருளான டிரைவரே ஏறாது. படம் காட்ட மட்டும் போதுமான ஓர் அடிப்படை டிரைவரோடு நிற்கும். புத்தம் புதுக் கார்டைப் போட்டாலும் முப்பரிமாண விளையாட்டு எதுவும் அங்கே ஓடாது. ஓடாத இடத்தில் ஓட்டிக் காட்டிவிட்டு, ஓடவில்லை பார் என்கிறார்கள். சில விளையாட்டுகளுக்கே சொந்தமாக ஒரு சேஃப் மோடு உண்டு, அது வேறு, விண்டோஸை மறுபடி எழுப்பத் தேவையே இல்லை. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பது அவர்களுக்கு வசதி.

அவர் மேஜை மேலேயே பில் போடுகிற சிஸ்டத்துக்கு ஓர் அகல மானிட்டர் இருந்தது. அந்த ஒயரைப் பிடுங்கி என் சிஸ்டத்தில் செருகியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். செய்யவில்லை.

சில நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். கார்டைச் சூடு பண்ணி சிப்பை மறுபடி உட்கார வைத்ததாம், விண்டோஸ் புதிதாகப் போட்டதாம், மொத்தம் 4,800. துண்டுச் சீட்டில் "கிராபிக்ஸ் வேலை 4800" என்று மட்டும் எழுதித் தந்தார். விளையாட்டு ஓடியது, ஆனால் திரை நடுவே ஒரு ஜன்னலுக்குள். "கார்டு ஒருதடவை அடிவாங்கினது தம்பி, இனிமே இவ்வளவுதான் தாங்கும். செட்டிங்ஸ் எதையும் தொடாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன். கார்டின் விசிறி ஓரத்தில் ஒரு பல்லி முட்டை ஓடு ஒட்டிக்கொண்டிருக்கும், ரொம்ப நாளாக இருக்கிறது, எடுக்கச் சோம்பல். அது அப்படியே, அதே இடத்தில், உடையாமல். அடியில் படிந்த தூசியும் அதே தூசி. கார்டைக் கழற்றிச் சூடு பண்ணினார்களாம், அந்த ஓடு மட்டும் அசையவில்லையாம்!

அப்புறம் விளையாட்டுக்குள் போய்த் திரை அளவை மாற்றினேன், மாறியது. மூடித் திறந்தால் மறுபடி சின்ன ஜன்னல். எத்தனை முறை மாற்றினாலும் அதே கதை. யாரோ வெளியிலிருந்து கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தால்தான் இப்படி நடக்கும். விளையாட்டுகளை வாங்கித் திறக்கிற ஸ்டீம் செயலியில் விளையாட்டின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து `Properties`, அதில் `General`, அதற்குள் `Launch Options` பெட்டி. அதில் கிடந்தது இது:

```
-windowed -w 1024 -h 768
```

இதுதான் 4,800 ரூபாய் வேலை.

முழுத்திரையை விட்டு ஜன்னலுக்குள் திற, அகலம் 1024, உயரம் 768 என்பதுதான் அர்த்தம். இந்த வரி பெட்டியில் இருக்கிறவரை, உள்ளே மெனுவில் என்ன மாற்றினாலும் அடுத்த முறை திறக்கும்போது இதுவே ஜெயிக்கும். "செட்டிங்ஸைத் தொடாதீங்க" என்றதன் காரணம் அதுதான்.

வரியை அழித்துவிட்டு, வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ ஒயரைச் செருகி விளையாட்டைத் திறந்தேன். 1920 x 1080ல் முழுத்திரை, பளிச்சென்று. வெகுநேரம் ஆடியும் ஒரு கோடு, ஒரு புள்ளி வரவில்லை. கார்டுக்கு ஒன்றுமே இல்லை, எப்போதுமே ஒன்றும் இருந்ததில்லை.

நடந்தது இவ்வளவுதான். செத்துப்போன என் மானிட்டருக்காக 1920 x 1080 முழுத்திரை என்று விளையாட்டு சேமித்து வைத்திருந்தது. சதுர மானிட்டரின் அளவு 1280 x 1024. அதனால் காட்ட முடியாத சிக்னல் போனதும் `Input Not Supported` என்றது. விளையாட்டு உள்ளே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததால்தான் பாட்டு கேட்டது. அந்தச் சேமிப்பு விளையாட்டின் ஃபோல்டருக்குள், `left4dead2\cfg\video.txt` என்ற ஃபைலில் இருக்கிறது. நான் பார்த்தபோது அதில் இருந்த வரிகளில் மூன்று:

```
"setting.defaultres"        "1920"
"setting.defaultresheight"  "1080"
"setting.fullscreen"        "1"
```

என் விளையாட்டுகள் டி டிரைவில் இருக்கின்றன. சி டிரைவில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டும் இந்த ஃபைல் போகவில்லை. அதனால் விண்டோஸ் போட்ட பிறகும் திரை கறுப்பாகவே வந்திருக்கும், அதற்குப் பிறகுதான் அந்த வரியை டைப் அடித்திருப்பார்கள். ஆக, விஷயம் அவர்களுக்கே அப்போது புரிந்திருக்கிறது. புரிந்த பிறகும் "கார்டைச் சூடு பண்ணினோம்" என்று 4,800 வாங்கியிருக்கிறார்கள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன் செய்தேன். "மெக்கானிக் லீவு, நாளைக்குப் பேசுங்க." நாளைக்கு: "அண்ணன் மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்காரு." முட்டை ஓட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரிலேயே போய் நின்றேன். "கேம் ஓடுதா இல்லையா? ஓடுதுல்ல? அப்புறம் என்ன தம்பி?" என்று கேட்டுவிட்டு அடுத்த கஸ்டமரைப் பார்க்கத் திரும்பிவிட்டார். சீட்டை நீட்டினேன். "இதுல சிப் வேலைன்னு எங்க எழுதியிருக்கு?" என்கிறார். எழுதாமல் விட்டவர் அவர்தான்.

சரி, உங்களுக்கு இப்படி ஆகாமல் இருக்க, அவசரமாகச் சில.

திரை கறுப்பு, ஆனால் சத்தம் வருகிறது என்றால் கார்டைச் சந்தேகப்படுவதற்கு முன் வேறு மானிட்டரிலோ டிவியிலோ செருகிப் பாருங்கள். வேறு திரை இல்லை என்றால் மேலே உள்ள அதே வரியை நீங்களே `Launch Options`ல் போட்டுத் திறந்து, உள்ளே வீடியோ பகுதியில் முதலில் உங்கள் மானிட்டரின் வடிவ விகிதம், பிறகு அளவு, கடைசியில் முழுத்திரை என்று தேர்ந்து சேமியுங்கள். விகிதத்தை மாற்றாவிட்டால் உங்கள் அளவு பட்டியலிலேயே வராது. வெளியே வந்ததும் அந்த வரியை மறக்காமல் அழியுங்கள். என் சதுர மானிட்டரில் இப்போது 1280 x 1024ல் முழுத்திரையாக ஓடுகிறது, செலவு பூஜ்யம்.

`-autoconfig` என்று ஒன்று உண்டு, உங்கள் சிஸ்டத்துக்கு ஏற்ற தொடக்க அமைப்புகளுக்குக் கொண்டுபோகும். அதையும் ஒருமுறை ஓட்டிவிட்டு அழித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் நீங்கள் மாற்றியதைத் துடைத்துவிடும். விளையாட்டின் சொந்த சேஃப் மோடான `-safe` போட்டால் சத்தமும் நின்றுபோகும், பயந்துவிடாதீர்கள்.

இதெல்லாம் லெஃப்ட் 4 டெட் 2 போல, வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் என்ஜின் என்ற அடிப்படை மென்பொருளில் செய்த விளையாட்டுகளுக்கு. யூனிட்டி என்ற வேறு என்ஜினில் செய்த விளையாட்டு என்றால் `-screen-fullscreen 0 -screen-width 1024 -screen-height 768`. ஜிடிஏ 5க்கு `-safemode` என்று ஒன்று இருக்கிறது, மிகக் குறைந்த அமைப்பில் திறக்கும், ஆனால் அதைச் சேமிக்காது. தெரியாத வரியைப் பெரும்பாலான விளையாட்டுகள் சத்தமில்லாமல் தள்ளிவிடும், அதனால் "போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை" என்றால் அந்த வரி அந்த என்ஜினுக்கு உரியதுதானா என்று பாருங்கள்.

விண்டோஸ் சேஃப் மோடில் விளையாட்டை ஓட்டிக் காட்டுகிற கடையிலிருந்து கேபினட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கொடுப்பதற்கு முன் கார்டைக் கிட்டே வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன வேலை, எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதின பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். 4,800 ரூபாய். நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்துவிட்டேன், அவர்கள் கேட்டதும் முதலில் பில்தான்.