பத்தாவது வாரமா, அதே தேதியா, நாலு புதனா: இரண்டாம் பெண்டா ஊசிக்கு எந்தக் கணக்கு?

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். புதன்கிழமை ஊசி போடும் நாள். கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கக் கைக்குழந்தைகளுக்கு மூன்று முறை போடுவது பெண்டா ஊசி. முதல் பெண்டா ஊசி போட்ட பிறகு அடுத்ததற்கு எப்போது வருவது என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். எல்லோரும் சொல்வது ‘நாலு வாரம்’தான். ஆனால் எண்ணும் விதம் மாறினால் தேதியும் மாறிவிடுகிறது.

2025-இல் வந்த ஒரு குழந்தையை வைத்தே பார்ப்போம். பிப்ரவரி 26, மகா சிவராத்திரி அன்று பிறந்த பெண் குழந்தை. அதுவும் புதன்கிழமை. முதல் பெண்டா ஊசி ஆறாவது வாரம், அதாவது ஏப்ரல் 9-ஆம் தேதி போட்டிருக்க வேண்டும். பங்குனி உத்திரத்துக்கு வீடு நிறைய உறவினர், தாய்க்கும் உடம்பு சரியில்லை. அடுத்த புதன், ஏப்ரல் 16 அன்றுதான் தூக்கி வந்தார்கள். ஒரு வாரம் தள்ளிப்போனது பெரிய குற்றமில்லை. அடுத்த தேதியை எழுதும்போதுதான் சிக்கல் ஆரம்பித்தது.

குழந்தையின் தாய் அட்டையைத் திருப்பிக் காட்டினார். அதில் 6 வாரம், 10 வாரம், 14 வாரம் என்று அச்சடித்திருக்கும். “பத்தாவது வாரம்னா மே 7 வருதுக்கா.” பிறந்த நாளிலிருந்து எண்ணினால் அவர் சொன்னது சரிதான்.

அப்பத்தா விரலை மடக்கினார். “இன்னைக்குப் புதன் ஒண்ணு, அடுத்த புதன் ரெண்டு, அப்புறம் மூணு, நாலு. மே 7-தான் தாயி. அழகர் ஆத்துல இறங்குறதுக்கு முன்னாடியே ஊசியப் போட்டுட்டா, புள்ளையத் தூக்கிட்டு மருதைக்குப் போயிரலாம்.”

தகப்பனாருக்கு வேறு கணக்கு. “இன்னைக்கு 16. அடுத்த மாசம் 16-க்கு வந்துருவோம்.”

நான் அட்டையில் எழுதியது மே 14.

முதலில் மே 7-ஐப் பார்ப்போம். இரண்டு பேர் வெவ்வேறு வழியில் எண்ணி ஒரே தேதிக்கு வந்ததால் அதுதான் சரி என்று தோன்றும். ஆனால் ஏப்ரல் 16-இலிருந்து மே 7 வரை 21 நாள்தான். பெண்டாவின் ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையே குறைந்தது 28 நாள் வேண்டும்.

அட்டையில் உள்ள 10 வாரம், முதல் ஊசி சரியாக ஆறாவது வாரம் போட்ட குழந்தைக்குத்தான் பொருந்தும். முதல் ஊசி தள்ளிப்போன அன்றே அந்த வரிசை செல்லாமல் போகிறது. அதன் பிறகு பிறந்த நாளை விட்டுவிட்டு, ஊசி போட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். ஊசிக்குத் தாமதமாக வந்த குழந்தையை ‘சீக்கிரம் வரிசைக்குக் கொண்டு வர’ நினைக்கும் அக்கறைதான் இந்தத் தவறைச் செய்ய வைக்கிறது.

அப்பத்தாவின் கணக்கு நம் ஊர்ப் பழக்கம். சித்திரைத் திருவிழாவில் கொடியேறிய நாளே முதல் நாள். அந்த வருடம் ஏப்ரல் 29 கொடியேற்றம், மே 8 மீனாட்சி திருக்கல்யாணம். அதைப் பத்தாம் நாள் என்கிறோம், ஆனால் இடையில் கடந்தது ஒன்பது நாள்தான். திருவிழாவுக்கு அந்த எண்ணிக்கை சரி. ஊசிக்கு, போட்ட நாள் பூஜ்யம். மறுநாள்தான் ஒன்று. அதனால் போட்ட புதனை விட்டுவிட்டு, அடுத்து வரும் நாலாவது புதன்.

ஏழு நாள் முன்னே போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதல் ஊசி போட்டதும் உடம்பு அந்தக் கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்ப்பை உருவாக்கத் தொடங்குகிறது. அந்த வேலை அடங்கி, நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் முதிர்ந்து நிற்க சில வாரம் ஆகும். அப்போது இரண்டாவது ஊசி போட்டால்தான் அவை பலமாக எழும்பும். முதல் வேலை முடிவதற்குள் போட்டால் எழுச்சி பலவீனமாகவும் கொஞ்ச காலத்துக்கானதாகவும் இருந்துவிடும். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. இரண்டாவது ஊசிக்கும் காய்ச்சல் வரும், தொடை வீங்கும், எல்லாம் சரியாக நடந்த மாதிரியே இருக்கும். அட்டையில் உள்ள இரண்டு தேதிகளைக் கழித்துப் பார்த்தால்தான் தவறு கண்ணில் படும்.

அமெரிக்காவில் 4 நாள் வரை முந்திப் போட்டிருந்தால் பெரும்பாலான ஊசிகளுக்கு அதை ஏற்றுக்கொள்கிறார்கள். 7 நாள் முந்தினால் அங்கும் அந்த ஊசி கணக்கில் சேராது. அப்படிப் போட்டுவிட்டால், முந்திப் போட்ட நாளிலிருந்து மறுபடி 28 நாள் விட்டு அதே ஊசியைத் திரும்பப் போட வேண்டும். நம் குழந்தைக்கு மே 7 அன்று போட்டிருந்தால், செல்லுபடியாகும் இரண்டாம் ஊசி ஜூன் 4-க்குத்தான். மூன்றாவது ஜூலை 2. ஒரு வாரம் அவசரப்பட்டு மூன்று வாரம் இழப்பதோடு, குழந்தைக்கு ஒரு குத்தும் கூடுதல்.

தகப்பனார் சொன்ன மே 16-இல் அந்த ஆபத்து கிடையாது. எந்த மாதமானாலும் அடுத்த மாதம் அதே தேதிக்கு 28 நாளுக்குக் குறையாது. தினமும் ஊசி போடும் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம், மறக்கவும் மறக்காது. எங்களிடம் வருபவர்களுக்குத்தான் இது இடிக்கிறது. மே 16 வெள்ளிக்கிழமை. ஊசி அடுத்த புதன், மே 21-க்குத் தள்ளிப் போகும். அங்கிருந்து ‘அதே தேதி’ ஜூன் 21, சனிக்கிழமை. மறுபடி புதனுக்காக ஜூன் 25. நாலு புதன் கணக்கில் மூன்றாவது ஊசி ஜூன் 11-லேயே முடிந்திருக்கும். தாமதமானால் ஊசியின் பலன் குறையாது, முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். ஆனால் அந்த இரண்டு வாரமும் குழந்தை கக்குவான் இருமலுக்கு முன்னால் அரைகுறைப் பாதுகாப்போடு இருக்கும். கைக்குழந்தைக்குக் கக்குவான் வந்தால் மூச்சே நின்று போகக்கூடும்.

2021-இல் கோவிஷீல்டுக்கு 84 நாள் இடைவெளி வைத்தபோதும் இதே குழப்பம்தான். 12 வாரம் என்பதை மூன்று மாதம் என்று எண்ணியவர்கள் 84 நாளைத் தாண்டியும் ஒரு வாரம் போல வீட்டில் காத்திருந்தார்கள்.

அதனால் என் ஓட்டு நாலு புதனுக்கு. கிழமை மாறாது, 28 நாளும் நிறையும். சரிபார்க்க ஒரு சின்ன வழி உண்டு. ஊசி போட்ட மாதத்துக்கு 30 நாள் என்றால், அடுத்த மாதம் தேதியில் இரண்டைக் கழிக்க வேண்டும். 31 நாள் என்றால் மூன்றைக் கழிக்க வேண்டும். பிப்ரவரி என்றால் அதே தேதி, லீப் வருடமானால் ஒன்று குறைவு. ஏப்ரல் 16 என்றால் மே 14. நான் எழுதியதும் அதுதான். மாதத் தொடக்கத்தில் போட்ட ஊசிக்கு இந்த வழி ஒத்துவராது. 1 அல்லது 2-ஆம் தேதியில் கழிக்க இடமிருக்காது, 31 நாள் மாதமானால் 3-ஆம் தேதியிலும் இருக்காது. அப்போது காலண்டரைப் பிரித்து வைத்துப் புதன்களை எண்ணிவிடுவேன்.

அப்பத்தாவுக்குக் காலண்டரில் ஒவ்வொரு புதனாகத் தொட்டுக் காட்டினேன். 23, 30, 7, 14. “அழகர் 12-ஆம் தேதி இறங்கிருவாரு, 13 ஊருக்கு வந்துருவோம். அப்பச் சரி” என்றார். அட்டையில் மே 14-க்குக் கீழேயே பென்சிலால் ஜூன் 11 என்று எழுதி வைத்தேன். இரண்டாவது ஊசி போட்ட பிறகுதான் அதைப் பேனாவால் எழுதுவேன். அந்த ஊசி ஒரு வாரம் தள்ளிப்போனால் மூன்றாவதும் அதோடு தள்ளிப்போக வேண்டும்.