தீவன வியாபாரி காட்டும் எஃப்சிஆர் கணக்கை நம்பி மூட்டையை மாற்றாதீர்கள்

"விலை 6 சதவீதம் குறைவு, எஃப்சிஆர் 1.66 கேரண்டி" என்று ஒரு வியாபாரி சொன்னதை நம்பித் தீவனத்தை மாற்றிய கோழிப் பண்ணையின் பேட்ச் கணக்கு இது. எஃப்சிஆர் என்பது ஒரு கிலோ எடைக்குக் கோழி எத்தனை கிலோ தீவனம் தின்றது என்ற கணக்கு. வியாபாரி போட்டுக் காட்டிய தாளில் லாபம், உண்மையில் நஷ்டம். தின்ற தீவனம் இரண்டு கணக்கிலும் அதே 3268 கிலோதான். எந்த எடையால் வகுத்தார்கள் என்பதில்தான் வித்தை.

விட்ட குஞ்சு 1000, இறந்தது 50. மீதி 950 கோழியும் விற்பனைத் தராசில் 1900 கிலோ நின்றன. 3268ஐ 1900ஆல் வகுத்தால் எஃப்சிஆர் 1.72. வியாபாரி அந்த விற்பனைத் தராசுப் பக்கமே போகவில்லை. தீவனத்தை நிறுத்துவதற்கு முன்பே, இரை நிறைந்திருந்த சில கோழிகளைத் தூக்கி எடை போட்டு, சராசரி 2.03 கிலோ என்று எழுதிக்கொண்டார். 950 கோழிக்கு அது 1928.5 கிலோ ஆகிறது. செத்த கோழிகளின் எடை 40 கிலோவையும் அதோடு கூட்டினார். மொத்தம் 1968.5, எஃப்சிஆர் 1.66!

செத்த கோழியின் எடையைச் சேர்ப்பது தன்னளவில் பிழையல்ல. தீவனத்தின் தரத்தை ஒப்பிட அப்படியும் பார்ப்பார்கள். ஆனால் அந்த 40 கிலோவுக்கு யாரும் காசு தரமாட்டார்கள், அது தின்ற தீவனத்துக்கு மட்டும் நாம் கொடுத்தாயிற்று.

இப்போது செலவைப் பாருங்கள். பழைய தீவனத்தின் கிலோ விலையை 100 என்று வையுங்கள், புதியது 94. பழையதில் எஃப்சிஆர் 1.60 வந்தது, அதாவது ஒரு கிலோ உயிர் எடைக்குச் செலவு 160. வியாபாரி கணக்கில் 94 × 1.66 = 156. உண்மையில் 94 × 1.72 = 161.7. வாங்குவதற்கு முன்பே 160ஐ 94ஆல் வகுத்திருந்தால் 1.70 என்று வந்திருக்கும். எஃப்சிஆர் அதைத் தாண்டினால் மலிவுத் தீவனம் மலிவே இல்லை.

எஃப்சிஆர் ஏன் ஏறியது? தீவனத்தில் எரிசக்தி குறைந்தால் கோழி அதை ஈடுகட்டக் கூடுதலாகத் தின்னும். இன்னொரு காரணம் தூள். மூட்டையின் அடியிலிருந்து ஒரு கிலோ எடுத்துச் சலித்து, சல்லடைக்குக் கீழே விழுவதை எடை போடுங்கள். பெல்லட் உடைந்து தூளாகியிருந்தால் கோழி அதை ஒதுக்கும், கிளறும். பாதி, தரையில் விரித்த படுக்கையில்தான் போய்ச் சேரும். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்குக் கீழே இருந்தால் நல்ல தீவனமும் இப்படித்தான் சிந்தும், அதற்கு வியாபாரியைக் குறை சொல்ல முடியாது.

மூட்டையையும் நிறுத்துப் பாருங்கள். 50 கிலோ என்று அச்சிட்ட மூட்டையில் 49தான் இருந்தால், மூட்டையை எண்ணிப் போடும் கணக்கில் கோழி அதிகம் தின்றதுபோல் தெரியும்.

சந்தேகமிருந்தால் ஒரே குஞ்சுத் தொகுதியைத் தடுப்பு வைத்து இரண்டாகப் பிரித்து, இரண்டு தீவனத்தையும் தனித்தனியாகப் போடுங்கள். இரு பக்கமும் ஒரே எடைக்கு வந்ததும் விற்றுக் கணக்குப் போடுங்கள். எடை ஏற ஏற எஃப்சிஆரும் ஏறுவதால், 1.8 கிலோ கோழியை 2.2 கிலோ கோழியோடு ஒப்பிட்டுக் காட்டுகிறவரிடம் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.