உயிரெழுத்து எண்ணா, மெய்யெழுத்து எண்ணா: ஒரே பெயரில் இரண்டு கணக்கு

நியூமராலஜி பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்தவர்களுக்கும் பெயரின் மொத்த எண் தெரிந்திருக்கும். எல்லா எழுத்துகளின் மதிப்பையும் கூட்டி ஒற்றை இலக்கமாக்குவது அது. அதே பெயரை இரண்டாகப் பிரிக்கிற கணக்கும் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தில் உள்ள பெயரில் A, E, I, O, U ஆகியவற்றை மட்டும் கூட்டினால் வருவது ஹார்ட்ஸ் டிசையர் எண், அதாவது இதய ஆசை எண். மீதமுள்ள எழுத்துகளைக் கூட்டினால் வருவது பர்சனாலிட்டி எண், ஆளுமை எண். ஒருவர் உள்ளுக்குள் எதற்காக ஏங்குகிறார் என்பதை முதலாவது சொல்லும், அவர் பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறார் என்பதை இரண்டாவது சொல்லும் என்பது இந்த முறையைப் பின்பற்றுகிறவர்களின் நம்பிக்கை.

பலன்களை விரித்துச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்குச் சுவாரசியமாகப் படுவது கணக்குதான். இந்த இரண்டு எண்களில் எது நிலையாக நிற்கிறது, எது ஒரு எழுத்துக்கே ஆட்டம் கண்டுவிடுகிறது என்று பார்க்கலாம்.

இரண்டுக்கும் பயன்படுவது பித்தாகரஸ் அட்டவணை. A-யில் தொடங்கி 1 முதல் 9 வரை வரிசையாக எண் கொடுத்து, 9 முடிந்ததும் மறுபடி 1-இலிருந்து தொடங்குவார்கள்.

```
1  2  3  4  5  6  7  8  9
A  B  C  D  E  F  G  H  I
J  K  L  M  N  O  P  Q  R
S  T  U  V  W  X  Y  Z
```

பித்தாகரஸ் வாழ்ந்தது கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. அப்போது J, W போன்ற எழுத்துகளே கிடையாது. அதனால் இந்த அட்டவணைக்கு அவர் பெயர் ஒரு மரியாதைக்காக ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கற்பனைப் பெயரை எடுத்துக்கொள்வோம்: POORNIMA VIJAYAN. பிறந்தபோது பதிவான முழுப் பெயர் இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்களையும் அந்தப் பெயரை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்பது வழக்கமான விதி. இப்போது புழங்கும் சுருக்கப் பெயருக்கும் கணக்குப் போடுவார்கள், ஆனால் அதைத் துணை எண்ணாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

```
P  O  O  R  N  I  M  A      V  I  J  A  Y  A  N
7  6  6  9  5  9  4  1      4  9  1  1  7  1  5

உயிர்:  6+6+9+1 = 22         9+1+1 = 11
மெய்:   7+9+5+4 = 25         4+1+7+5 = 17
```

உயிரெழுத்துகள் இரண்டு பெயரிலும் சேர்ந்து 22 + 11 = 33. மெய்யெழுத்துகள் 25 + 17 = 42, அதாவது 4 + 2 = 6. 33-ஐச் சுருக்கினாலும் 3 + 3 = 6. ஆக, உள்ளே 6, வெளியே 6. பொறுப்பு, குடும்பம், அடுத்தவரைக் கவனித்துக்கொள்வது என்று 6-க்குச் சொல்லப்படும் குணங்கள் உள்ளும் புறமும் ஒன்றுபோல இருப்பதாகப் பலன் சொல்வார்கள்.

ஆனால் 33-ஐச் சுருக்கலாமா என்பதே ஒரு சண்டை. 11, 22 இரண்டையும் மாஸ்டர் எண்கள் என்று சொல்லிச் சுருக்காமல் விடுவது பரவலான வழக்கம். 33-ஐயும் அந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. சேர்ப்பவர் கணக்கில் பூர்ணிமாவின் இதய ஆசை எண் 33. சேர்க்காதவர் கணக்கில் வெறும் 6. இன்னொரு கூட்டம் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே முதலிலேயே சுருக்கிவிடும். 22 நான்காகும், 11 இரண்டாகும், கூட்டினால் 6. அந்த வழியில் 33 கண்ணிலேயே படாது. எந்த இடத்தில் சுருக்குகிறீர்கள் என்பது ஒற்றை இலக்கத்தை மாற்றாது, ஆனால் மாஸ்டர் எண் தலைகாட்டுமா இல்லையா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதனால் யாராவது உங்களுக்கு எண் கணித்துக் கொடுத்தால், சுருக்குவதற்கு முந்தைய கூட்டுத்தொகையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்பெல்லிங். இதே பெயரை PURNIMA என்றும் எழுதுவார்கள். அப்போது உயிரெழுத்துகள் 3 + 9 + 1 = 13. முன்பு 22 இருந்த இடத்தில் இப்போது 13, சுருக்கினால் இரண்டுமே 4. காரணம் எளிது. OO என்பது 12, அதைச் சுருக்கினால் 3. U-வின் மதிப்பும் 3. இந்த அட்டவணையில் OO-வை U என்று மாற்றினால் ஒற்றை இலக்க விடையில் எந்த மாற்றமும் வராது, மாஸ்டர் எண் மட்டும் தோன்றும் அல்லது மறையும். முழுப் பெயருக்கு 33 போய் 24 வரும், கடைசியில் அதே 6. ஆளுமை எண்ணுக்கோ எதுவுமே ஆகாது, ஏனென்றால் மெய்யெழுத்துகள் அப்படியே இருக்கின்றன.

I-க்கும் EE-க்கும் அந்தச் சலுகை கிடையாது. I-யின் மதிப்பு 9. ஒன்பதை எந்த எண்ணோடு கூட்டிச் சுருக்கினாலும் பழைய எண்ணே திரும்பி வரும், ஆகவே சுருக்கிய விடையில் I இருந்தும் இல்லாததுபோலத்தான். EE என்பது 10, அதாவது 1. MINA என்று எழுதினால் உயிரெழுத்து எண் 10, சுருக்கினால் 1. MEENA என்று எழுதினால் 11, சுருக்கினால் 2. உச்சரிப்பில் இம்மியளவு வித்தியாசமில்லை, ஆனால் 'உள்மனது' வேறு ஆளுக்குப் போய்விட்டது!

மெய்யெழுத்துப் பக்கமும் முழுக்கப் பத்திரமாக இல்லை. அங்கே வில்லங்கம் செய்வது H. அதன் மதிப்பு 8, அதாவது ஒன்பதுக்கு ஒன்று குறைவு. அதனால் ஒரு H-ஐச் சேர்த்தால் சுருக்கிய விடை ஒன்று குறையும். SUJATA-வில் மெய்யெழுத்துகள் 1 + 1 + 2 = 4. SUJATHA என்றால் 12, சுருக்கினால் 3. T, TH, S, SH என்று மாறி மாறி எழுதப்படும் பெயர்களில் ஆளுமை எண்தான் ஆடும், இதய ஆசை எண் அசையாது. நெடிலை ஒற்றை எழுத்தாகவும் இரட்டை எழுத்தாகவும் எழுதும் பெயர்களில் இது தலைகீழ். ஆகவே எது உறுதியான எண் என்று பொதுவாகச் சொல்ல முடியாது, உங்கள் பெயரில் எந்த இடத்தில் ஸ்பெல்லிங் தடுமாறுகிறது என்பதைப் பொறுத்தது. பெயரை மாற்றச் சொல்பவர்கள் ஒரு A-யோ ஒரு H-ஓ சேர்க்கச் சொல்வது ஏன் என்பதும் இப்போது புரியும். A ஒரு பக்கத்தை ஒன்று ஏற்றும், H மறு பக்கத்தை ஒன்று இறக்கும். வேண்டிய எண்ணை நோக்கி ஒவ்வொரு படியாக நகர்த்த இதைவிட வசதியான எழுத்துகள் கிடையாது.

இரண்டு எண்ணையும் ஒரே நேரத்தில் கவிழ்க்கக்கூடிய எழுத்து ஒன்று இருக்கிறது. அது Y. VIJAYAN-இல் அது 'ய' என்று மெய்யாகத்தான் ஒலிக்கிறது, அதனால் நான் அதை மெய்யெழுத்தில் சேர்த்தேன். ஆனால் எந்தப் பெயராக இருந்தாலும் Y உயிரெழுத்துதான் என்று வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் பூர்ணிமாவின் கணக்கு இப்படி மாறும்.

```
                 Y மெய்யானால்      Y உயிரானால்
இதய ஆசை எண்     33 → 6           40 → 4
ஆளுமை எண்       42 → 6           35 → 8
மொத்தம்          75 → 3           75 → 3
```

முதல் கணக்கில் உள்ளும் புறமும் ஒன்றாக இருந்த பெண், இரண்டாவதில் உள்ளே ஒழுங்கையும் உழைப்பையும் விரும்பி, வெளியே அதிகாரமும் பணபலமும் உள்ளவராகத் தோன்றுகிறார். இடம் மாறியது ஒரே ஒரு எழுத்து. VIJAYAN-இலாவது ஒலியை வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடலாம். VIJAY என்று A-க்குப் பின் முடிந்தால் அந்த Y தனி மெய்யா, A-யோடு சேர்ந்த உயிரொலியா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம். LYNN போன்ற பெயரில் வேறு உயிரெழுத்தே இல்லாததால் Y உயிர் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. என்னைக் கேட்டால் ஒலிக்கும் விதத்தைப் பார்த்து முடிவெடுப்பதே நேர்மையான வழி, முடிவெடுத்தபின் வேண்டிய பலன் வரவில்லை என்று மாற்றக்கூடாது.

மேலே உள்ள மூன்றாவது வரிசை நல்ல சரிபார்ப்புக் கருவி. உயிர், மெய் இரண்டின் கூட்டுத்தொகையும் சேர்ந்து முழுப் பெயரின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது அல்லது இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறது. இந்தச் சோதனையைச் சுருக்காத எண்களை வைத்தே செய்யுங்கள். சுருக்கிய எண்களை வைத்துச் செய்தால், ஒரு I அல்லது R விடுபட்டது தெரியவே தெரியாது, இரண்டும் ஒன்பதாயிற்றே. Y தவறான பக்கத்தில் நின்றால் எந்தச் சோதனையும் காட்டிக்கொடுக்காது, மேலே பார்த்தபடி மொத்தம் இரண்டு வழியிலும் 75-தான். இன்னொன்றும் இதிலிருந்து வருகிறது. பெயர் எண்ணும் ஆளுமை எண்ணும் தெரிந்தால், சுருக்கிய இதய ஆசை எண் தானாகவே கிடைத்துவிடும். மூன்று எண்களை மூன்று தனித்தனிச் சாட்சிகளைப் போல அடுக்குகிறார்களே, உண்மையில் அங்கே இருப்பது இரண்டுதான்.

கால்டிய அட்டவணையில் பார்த்தால் என்ன ஆகும்? அதில் எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரைதான் மதிப்பு, 9 எந்த எழுத்துக்கும் கிடையாது. O-வுக்கு 7, U-வுக்கு 6, I, A, Y மூன்றுக்கும் 1. POORNIMA VIJAYAN-இன் உயிரெழுத்துகள் 19, அதாவது 10, அதாவது 1. மெய்யெழுத்துகள் 32, அதாவது 5. பித்தாகரஸ் முறையில் கிடைத்த 6, 6 எங்கே, இது எங்கே! OO 14 ஆகிவிடுவதால், OO-வும் U-வும் ஒன்றே என்கிற சலுகையும் இங்கே இல்லை. உயிர், மெய் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் பெரும்பாலும் பித்தாகரஸ் அட்டவணையோடு சேர்ந்தே வருவது. கால்டிய முறையில் முழுப் பெயரின் கூட்டு எண்ணுக்குத்தான் அதிக மதிப்பு. இரண்டையும் கலந்து, பெயர் எண்ணை ஒன்றிலும் இதய ஆசை எண்ணை மற்றதிலும் எடுத்தால் மேலே சொன்ன சரிபார்ப்பு உடனே உடைந்துவிடும். கலப்படத்தைக் கண்டுபிடிக்க அதுவே போதும்.

6 என்றால் பொறுப்பு, 8 என்றால் அதிகாரம் என்பதற்குச் சோதித்து நிறுவிய ஆதாரம் எதுவும் இல்லை. அது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம், அவ்வளவுதான். பொழுதுபோக்காகப் பார்க்கிறீர்களோ நம்பிக்கையோடு பார்க்கிறீர்களோ, கணக்கை ஆரம்பிக்கும் முன் மூன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்த அட்டவணை, எந்த ஸ்பெல்லிங், Y எந்தப் பக்கம். பிறகு இன்னொருவர் கணித்த எண் உங்களுடையதோடு ஒத்துப்போகாவிட்டால், இந்த மூன்றில் எது வேறு என்று முதலில் பாருங்கள்.