“வைரஸ் பூட்டிடுச்சு, 6,500 ஆகும்”: தர்மபுரியில் லேப்டாப் சர்வீஸுக்குக் கொடுத்த கதை

போன மாதம் ஒரு ராத்திரி மாமா போன் செய்தார். மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். “மச்சான், லேப்டாப்புல வைரஸ் பூந்து ஹார்ட் டிஸ்க்கையே பூட்டிடுச்சாம். உள்ள இருக்கறத எடுத்துக் குடுக்க 6,500 கேக்குறாங்க. குடுத்துடவா?”

லேப்டாப்பை அவர் கொடுத்தது ஃபேன் சத்தத்துக்கு. தூசி தட்டி பேஸ்ட் மாற்ற 800 ரூபாய் என்று பேச்சு. தர்மபுரியில் உள்ள கடை அது. ஒரு வருஷம் முன்னால் அந்த லேப்டாப்பை விற்றதும் அதே கடைதான். பெயர் சொல்லப் போவதில்லை, கமென்ட்டில் கேட்காதீர்கள்.

திரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. நீலப் பின்னணி, மேலே BitLocker recovery, கீழே 48 இலக்கச் சாவியைக் கேட்கும் கட்டம். வைரஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. லேப்டாப் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்பதற்கு அடையாளம் அந்தத் திரை. “பைசா குடுக்காதீங்க மாமா, யாரையும் தொட விடாதீங்க, காலைல வர்றேன்” என்றேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. இந்தத் திரையை மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்ப்பேன்.

நடந்தது என்னவென்று புரிய, பவர் பட்டனை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். முதலில் எழுவது மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர், நாம் பயாஸ் என்று சொல்வது. செக்யூர் பூட் ஆன் செய்திருந்தால், அது விண்டோஸின் பூட் புரோகிராமைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாது. தான் நம்பும் சாவியால் கையெழுத்துப் போட்டதா என்று பார்க்கும். கையெழுத்து இல்லையென்றால் ஓட்ட மறுத்துவிடும். விண்டோஸுக்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்துகொள்ளும் கள்ள நிரலை ஆன்டிவைரஸ் பார்ப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். அதனால்தான் வாசலிலேயே இந்தச் சோதனை.

டிபிஎம் என்பது தனிச் சில்லாகவோ பிராசசருக்கு உள்ளேயோ இருக்கும் ஒரு சின்னப் பெட்டகம். அது எந்த நிரலையும் ஓடவிடாமல் தடுக்காது, நடப்பதைக் கணக்கு எழுதிக்கொள்ளும். மண்டிச் சிட்டையில் ஒரு பக்கத்துக் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதி, அதன்மேல் கூட்டிக்கொண்டே போவோம் இல்லையா? நடுவில் ஒரு வரியை மாற்றினால் கடைசித் தொகை ஒத்துப்போகாது. டிபிஎம் செய்வதும் அதுதான். துவங்கும்போது நடக்கும் ஒவ்வொன்றின் அடையாளத்தையும் முந்தைய மதிப்போடு சேர்த்துப் புதிய மதிப்பாக்கிக்கொண்டே போகும். அந்த மதிப்புகளை வைக்கும் இடங்களுக்கு பிசிஆர் என்று பெயர், எண் போட்டு வைத்திருப்பார்கள். அதில் 7-ஆம் எண்ணில் செக்யூர் பூட் ஆனா ஆஃபா, எந்தெந்தச் சாவிகளை நம்புகிறது என்பது பதியும்.

டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் தன் சாவியை இந்த டிபிஎம்மிடம் கொடுத்து, “பிசிஆர் 7 இன்றிருக்கிற மாதிரியே இருந்தால் மட்டும் திருப்பிக் கொடு” என்று முத்திரை வைத்துவிடும். அதனால்தான் தினமும் நாம் எதுவும் கேட்கப்படாமல் உள்ளே போகிறோம். எவனாவது எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாது. நான் பூட்டவே இல்லையே என்று சொல்லாதீர்கள். விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்தாலே பெரும்பாலும் இது தானாக ஆன் ஆகிவிடும்.

காலையில் கடைக்குப் போனேன். வேலை பார்க்கிற பையனிடம் சத்தம் போடாமல் கேட்டேன். “பேஸ்ட் மாத்தினதும் டிஸ்க்கையும் செக் பண்ணலாம்னு பென்டிரைவ் போட்டேன்ணா. செக்யூரிட்டி வயலேஷன்னு வந்துச்சு. பயாஸ்ல செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணேன்.” அங்கேயே முதல் தப்பு. அவன் பென்டிரைவில் இருந்தது எங்கிருந்தோ இறக்கிய ஓசி டூல், கையெழுத்து கிடையாது. வாசலில் நின்றவன் சரியாகத்தான் தடுத்திருக்கிறான். இவன் வாசற்காரனையே வீட்டுக்கு அனுப்பிவிட்டான். பிசிஆர் 7 மாறியது, டிபிஎம் சாவியைத் தர மறுத்தது, நீலத் திரை வந்தது.

அந்த நிமிஷம் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். திரும்ப பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை ஆன் செய்வது. நம்பும் சாவிகளைத் தொடாமல் இருந்திருந்தால் பிசிஆர் 7 பழைய மதிப்புக்கே வந்திருக்கும், விண்டோஸ் ஒரு கேள்வி கேட்காமல் திறந்திருக்கும். ஒரு பைசா செலவில்லை.

நான் ஆன் செய்து பார்த்தேன். அப்போதும் சாவி கேட்டது. எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. “வேற என்ன பண்ணே தம்பி?” கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னான்: “டிபிஎம் கிளியர்னு ஒரு ஆப்ஷன் இருந்துச்சுணா. லாக் போயிடும்னு வீடியோல பாத்தேன்.”

லாக் போகாது, சாவிதான் போகும். கிளியர் கொடுத்தால் டிபிஎம் தன் மூலச் சாவியை அழித்துப் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். பழைய முத்திரையை இனி அதே சில்லாலும் திறக்க முடியாது. மதர்போர்டை மாற்றினாலும் இதே கதிதான். பிறகு டிஸ்க்கைத் திறக்க ஒரே வழி, அந்த 48 இலக்க ரெக்கவரி கீ. 6,500 இல்லை, 65,000 கொடுத்தாலும் எந்த டூலாலும் அதை உடைத்து எடுக்க முடியாது. முடியும் என்று ஒரு கடை சொன்னால் ஒன்று தெரியாமல் சொல்கிறது, இல்லை வேறு எதையோ மறைக்கிறது.

இங்கே மறைத்தது என்ன என்பதை அதே நீலத் திரைதான் காட்டிக்கொடுத்தது. விண்டோஸ் 11-இன் 24H2 பதிப்பிலிருந்து, ரெக்கவரி கீ எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கிறது என்பதற்கு ஒரு துப்பு திரையிலேயே வரும், முகவரி முழுசாகத் தெரியாது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாமாவின் மெயில் இல்லை. கடைப் பெயரின் முதல் எழுத்துகள்.

விற்கும்போது, “மெயில் எல்லாம் நாங்களே போட்டுத் தர்றோம் சார், பின் நம்பர் மட்டும் சொல்லுங்க” என்று கடையின் சொந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மாமா ஒரு வருஷமாக நாலு இலக்க பின் போட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார், கணக்கு யாருடையது என்று யோசித்ததே இல்லை. ஆக, 6,500 ரூபாய்க்கு எடுத்துத் தருவதாகச் சொன்ன சாவி முதல் நாளிலிருந்தே அவர்கள் கையில்தான் இருந்தது.

ஓனரிடம் சொன்னபோது முதலில் முறைத்தார். திரையைக் காட்டியதும் சிஸ்டத்தில் account.microsoft.com/devices/recoverykey திறந்து லாகின் செய்தார். எனக்கு அப்போதுதான் தூக்கிவாரிப் போட்டது. மாமாவுடையது மட்டும் இல்லை, பக்கம் நிறைய வேறு வேறு லேப்டாப்களின் சாவிகள், வரிசையாக. அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் தெரிந்த எவனும் அத்தனை டிஸ்க்கையும் திறக்கலாம். ஓனருக்கே அதன் விபரீதம் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். திருட்டுத்தனம் பாதி, தெரியாத்தனம் பாதி.

திரையில் இருந்த Key ID-யின் முதல் எட்டு எழுத்தை வைத்து மாமாவின் வரியைக் கண்டுபிடித்தோம். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும் எண், அதனால் ஒரு தொகுதியில் தப்பாக அடித்தால் அங்கேயே சொல்லிவிடும். சாவியை அடிக்கும் முன் செக்யூர் பூட் ஆனில் இருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்துக்கொண்டேன். ரெக்கவரி கீ கொடுத்துத் திறந்தால், அப்போதிருக்கும் நிலையையே சரியான நிலை என்று எடுத்துக்கொண்டு விண்டோஸ் புதிதாக முத்திரை வைத்துவிடும். ஆஃபில் வைத்துக்கொண்டு சாவியை அடித்திருந்தால், அடுத்த நாளிலிருந்து செக்யூர் பூட் இல்லாமலே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், மாமாவுக்குத் தெரியவே தெரியாது.

விண்டோஸ் வந்தது, ஆனால் பின் வேலை செய்யவில்லை. அதுவும் டிபிஎம்மை நம்பி இருப்பதுதான். கணக்கின் பாஸ்வேர்டை ஓனர்தான் அடிக்க வேண்டியிருந்தது. சொந்த லேப்டாப்புக்குள் போக மாமா அடுத்தவர் கையைப் பார்த்து நின்றதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. விவசாயிகளுக்குத் தர வேண்டிய பாக்கி, முன்பணம் எல்லாம் உள்ளே இருந்தது. முதலில் அதைப் பென்டிரைவில் நகல் எடுத்தேன். பிறகு மாமாவின் சொந்தக் கணக்குக்கு மாற்றி, கடைக்காரருக்குத் தெரிந்துவிட்ட சாவியை நீக்கிப் புதுசு போட்டேன். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து:

```
manage-bde -protectors -delete C: -type RecoveryPassword
manage-bde -protectors -add C: -RecoveryPassword
manage-bde -protectors -disable C:
manage-bde -protectors -enable C:
```

இரண்டாவது வரி புதிய 48 இலக்கத்தைத் திரையில் காட்டும், அதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கடைசி இரண்டும் பாதுகாப்பை நிறுத்தி மறுபடி எழுப்பி, புது டிபிஎம்மில் புது முத்திரை வைக்க. கடையின் பட்டியலில் இருந்த பழைய வரியையும் என் கண்ணெதிரே அழிக்க வைத்தேன். அது இனி எதையும் திறக்காது, இருந்தாலும் இருக்கட்டுமே.

நீங்கள் சர்வீஸுக்குக் கொடுப்பது ஃபேன், கீபோர்டு, பேட்டரி மாதிரி வேலைக்கு என்றால் பயாஸைத் தொடவே தேவையில்லை, பாஸ்வேர்டும் தரத் தேவையில்லை. பயாஸ் அப்டேட், மதர்போர்டு மாற்றம் என்றால்தான் மேலே உள்ள disable வரி முன்கூட்டியே வேண்டும். அது இருக்கும்வரை டிஸ்க்கை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால் நகல் எடுத்துவிட்டு, கூடவே உட்கார்ந்து வேலை வாங்குங்கள். திரும்பி வந்ததும் பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து இதை அடியுங்கள்:

```
Confirm-SecureBootUEFI
```

True வரவேண்டும். False என்றால் யாரோ வாசற்காரனை அனுப்பிவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். True வந்தாலே எல்லாம் சுத்தம் என்றும் இல்லை. 2023-இல் வெளிச்சத்துக்கு வந்த பிளாக்லோட்டஸ் என்ற கள்ள நிரல், ஓட்டை உள்ள பழைய பூட் புரோகிராம் ஒன்றைக் கூடவே கொண்டுவந்து, அதன் செல்லுபடியாகும் கையெழுத்தைக் காட்டியே செக்யூர் பூட்டைத் தாண்டியது. அந்த மாதிரிப் பழைய கையெழுத்துகளை ரத்து செய்யும் பட்டியல் விண்டோஸ் அப்டேட்டில்தான் வருகிறது. அப்டேட்டை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருப்பவர்கள் கவனிக்க.

கடைசியில் கடையில் 800 மட்டும் கொடுத்தோம். ஃபேன் சத்தம் உண்மையிலேயே நின்றுவிட்டது, அதைச் சொல்லியாக வேண்டும். மற்றவர்களின் சாவிகளை அவரவருக்குக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள் என்று ஓனரிடம் சொன்னேன். “பாக்கலாம் சார்” என்றார். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கடையிலேயே “எல்லாம் போட்டுத்” தந்த லேப்டாப் வைத்திருப்பவர்கள் Settings திறந்து Accounts, அதில் Your info பாருங்கள். அங்கே இருக்கும் மெயில் உங்களுடையது இல்லை என்றால், உங்கள் வரியும் அந்த மாதிரி ஏதோ ஒரு பட்டியலில் இருக்கிறது.